துளசி காப்ஸ்யூலை நம்பி மாத்திரையை நிறுத்தினேன், ஏமாந்தேன்

எனக்குச் சர்க்கரை வந்து நாலு வருடம் ஆகிறது. காலையும் இரவும் ஒவ்வொரு மெட்ஃபார்மின் மாத்திரை. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையில் 7.1-இல் நின்றது. பெரிய தொல்லை எதுவும் இல்லை. அப்போதுதான் ஒரு துளசி காப்ஸ்யூல் விளம்பரம் கண்ணில் பட்டது. "வெறும் வயிற்றுச் சர்க்கரை 17.6% குறைவு, மன அழுத்தம் 39% குறைவு, மருத்துவ ஆய்வில் நிரூபணம்" என்று போட்டிருந்தார்கள். மொட்டையாக "நல்ல பலன்" என்று எழுதியிருந்தால் தாண்டிப் போயிருப்பேன். புள்ளி ஆறு வரைக்கும் கணக்குச் சொன்னதும் விழுந்துவிட்டேன்.

காலை ஒன்று, இரவு ஒன்று எனச் சாப்பிட ஆரம்பித்தேன். தொடங்கும் முன் குளுக்கோமீட்டரில் வெறும் வயிற்றில் 148. மூன்று வாரம் கழித்து 126. விற்பனையாளருக்கு அழைத்துச் சொன்னேன். "பாத்தீங்களா? இனிமே ராத்திரி மாத்திரை எதுக்கு, மெதுவா விட்டுடுங்க" என்றார் அந்த முனையில் பேசியவர். விட்டுவிட்டேன். மூன்று மாதத்தில் எச்பிஏ1சி 8.3.

மருத்துவர் திட்டவில்லை. அந்த 148-ஐயும் 126-ஐயும் ஒரு தாளில் எழுதினார். வீட்டில் வைத்திருக்கும் மீட்டர்களுக்கான சர்வதேசத் தரமே, 100-க்கு மேலான அளவுகளில் 15 சதவீதம் வரை முன்பின் காட்டுவதை ஏற்றுக்கொள்கிறது. 148-இல் 15 சதவீதம் ஏறக்குறைய 22. கழித்தால் 126. நான் கொண்டாடிய இறக்கம் முழுவதும் மீட்டருக்கு அனுமதித்த பிழைக்குள்ளேயே அடங்கிவிட்டது. "அந்த மூணு வாரத்தில வேற என்ன மாத்தினீங்க?" என்று கேட்டார். மாலையில் நடக்க ஆரம்பித்திருந்தேன். அதைக் கணக்கில் சேர்க்கவே எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம்தான் அந்த 17.6 எங்கிருந்து வந்தது என்று தேடினேன். எண் பொய்யில்லை, அதுதான் எரிச்சல். 1996-இல் இந்தியாவில் நடந்த ஓர் ஆய்வு அது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகள் 40 பேர். நான்கு வாரம் துளசி இலை, நான்கு வாரம் பெயருக்குக் கொடுக்கப்பட்ட வேறு இலை. ஒவ்வொருவரும் இரண்டையும் மாற்றி மாற்றி எடுத்தார்கள். துளசி எடுத்த காலத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை சராசரியாக 21 மில்லிகிராம் குறைவாக இருந்தது. சாப்பாட்டுக்குப் பின் பார்த்த அளவில் வித்தியாசம் 15.8 மில்லிகிராம்தான், அதாவது 7.3 சதவீதம். இந்த 7.3-ஐ விளம்பரத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் காணோம்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். 21 என்பது 17.6 சதவீதம் என்றால், அது கழிக்கப்பட்ட எண் ஏறக்குறைய 119. அதாவது துளசி இல்லாத காலத்திலும் அவர்களின் வெறும் வயிற்றுச் சர்க்கரை சராசரியாக 120-ஐ ஒட்டித்தான் இருந்திருக்கிறது. நோய் லேசாக இருந்தவர்கள். 200-இல் இருப்பவர் இதே சதவீதத்தைத் தன் எண்ணில் கழித்துப் பார்த்து மகிழ்வதற்கு அந்த ஆய்வில் இடமே இல்லை. நான்கு வாரம் என்பதும் குறைவு. எச்பிஏ1சி கிட்டத்தட்ட மூன்று மாதச் சராசரி, நான்கு வாரத்தில் அது முழுதாக நகராது. நோயாளிக்குத்தான் எது துளசி என்று சொல்லப்படவில்லை, ஆய்வாளர்களிடம் மறைக்கப்படவில்லை. துளசியின் வாசனை நாக்குக்கும் மூக்குக்கும் தெரியாமல் போகுமா என்பது என் சந்தேகம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஆய்வாளர்களின் முடிவு. லேசான, நடுத்தரச் சர்க்கரை நோயில் உணவுக் கட்டுப்பாட்டோடும் மருந்தோடும் துணையாக இந்த இலையைக் கொடுக்கலாம் என்றுதான் எழுதினார்கள். என்னிடம் விற்றவர்கள் "துணையாக" என்பதை வெட்டிவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

அளவிலும் ஏமாற்று இருக்கிறது. அந்த ஆய்வில் ஒரு நாளைக்கு 2.5 கிராம் இலைத்தூள். என் புட்டியில் ஒரு காப்ஸ்யூலுக்கு 500 மில்லிகிராம் துளசித்தூள், நாளைக்கு இரண்டு, ஆக 1 கிராம். ஆய்வின் அளவுக்கு ஐந்து காப்ஸ்யூல் வேண்டும். இலையின் சரக்கும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. துளசியில் பேசப்படும் சேர்மங்கள் யூஜினால், உர்சாலிக் அமிலம், ரோஸ்மரினிக் அமிலம். யூஜினால்தான் அந்தக் கிராம்பு வாசனையைத் தருவது. அது ஆவியாகிற எண்ணெய்ப் பொருள், காயவைக்கும் விதத்திலேயே ஒரு பகுதி போய்விடும். செடியின் ரகம், வளர்ந்த மண், பறித்த பருவம் எல்லாம் அளவை மாற்றும். என் புட்டியைத் திறந்து மோந்து பார்த்தேன், காய்ந்த புல் வாசனைதான் வந்தது. அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, ஆனால் யூஜினால் எத்தனை சதவீதம் என்று லேபிளில் ஒரு வரிகூட இல்லை என்பதைக் காட்டலாம்.

துளசி இலைச் சாறு இன்சுலின் சுரப்பைத் தூண்டுகிறது என்பதற்கு எலிகளிலும், எலியிலிருந்து எடுத்த கணையத்திலும் செய்த சோதனைகள் உண்டு. விளம்பரத்தில் அவை மனிதருக்கு நடந்தது போலவே எழுதப்பட்டிருந்தன.

சரி, அந்த 39% மன அழுத்தக் கணக்கு? அது 2012-இல் வந்த வேறோர் ஆய்வு. 158 பேர், ஆறு வாரம், நாளைக்கு 1200 மில்லிகிராம் துளசிச் சாறு. சாதாரணத் தூள் இல்லை, பிரித்தெடுத்துச் செறிவாக்கிய சாறு. அங்கே அளந்தது மறதி, தூக்கக் கோளாறு, களைப்பு போன்ற அறிகுறிகளுக்கு ஆட்களே கொடுத்த மதிப்பெண். போலி மாத்திரையைவிட 1.6 மடங்கு அல்லது 39 சதவீதம் கூடுதல் முன்னேற்றம் என்பதுதான் அவர்கள் சொன்னது, 1.6 மடங்கு என்றால் 60 சதவீதம் கூடுதல் என்பதோடு அது பொருந்தாவிட்டாலும். போலி மாத்திரையில் ஒருவருக்கு 10 புள்ளி குறைந்தால் துளசியில் 16 என்று வையுங்கள். அந்த 16-இல் 10 வெறும் மாத்திரையிலேயே கிடைத்துவிட்டது. "அழுத்தம் 39% குறையும்" என்பது இதிலிருந்து எப்படி வந்தது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

மன அழுத்தத்தில் துளசிக்கு ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2022-இல் வந்த ஆய்வு இன்னும் ஒழுங்கானது. 100 பேர், எட்டு வாரம், 125 மில்லிகிராம் சாறு தினம் இருமுறை, இரு தரப்பிலும் மறைத்துச் செய்தது. அழுத்த மதிப்பெண்ணும் தூக்கமும் போலி மாத்திரையைவிட மேம்பட்டன, தலைமுடியில் அளந்த அழுத்த ஹார்மோனான கார்ட்டிசாலும் குறைவாக இருந்தது. ஆனால் அது ஒரு குறிப்பிட்ட சாறு, எட்டு வாரம், அழுத்தம் இருப்பதாகச் சொன்ன மற்றபடி ஆரோக்கியமானவர்கள். என் புட்டியில் இருந்தது அந்தச் சாறு இல்லை, நான் அந்த ஆளும் இல்லை.

8.3 வந்த மறுநாள் விற்பனையாளருக்கு மறுபடி அழைத்தேன். "உங்க உடம்புக்கு ரெண்டு பத்தலை, நாலா ஏத்துங்க" என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டேன். புட்டியைத் திறந்துவிட்டதால் முடியாதாம். மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார் என்று கேட்டதற்கு, "நாங்க ஆலோசனைதான் சொன்னோம், முடிவு உங்களோடது" என்று பதில். அந்தப் பேச்சு எழுத்தில் இல்லை, தொலைபேசியில் நடந்தது. அதனால் என்னிடம் காட்ட ஆதாரமும் இல்லை.

இரவு மாத்திரையை மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். அடுத்த எச்பிஏ1சி இன்னும் ஏழு வாரத்தில். அந்த விளம்பரம் நேற்றும் வந்தது, 17.6 இப்போது "18% வரை" ஆகியிருக்கிறது.