பொட்டலத்தின் படத்தைப் பார்த்து ‘சைவம்’ என்று எழுதுவதா, ‘பச்சைக் குறி உள்ளது’ என்று எழுதுவதா?

என் மைத்துனர் திருச்சியில் நடத்தும் மளிகைக் கடைக்காகச் சென்ற ஆண்டு சுமார் 600 பொருள்களின் இணையப் பட்டியலைத் தயாரித்துக் கொடுத்தேன். பொருள்கள் கடையில் இருந்தன; நானோ வேறு ஊரில் இருந்தேன். கடைப் பையன் கைப்பேசியில் எடுத்து அனுப்பிய படங்களே எனக்கு ஆதாரம். பெயர், எடை, விலை ஆகியவற்றை நிரப்புவதில் சிக்கல் எதுவும் இல்லை. முத்திரைகளுக்கான கட்டத்தில்தான் தயங்கி நின்றேன். ‘சைவம்: ஆம்’, ‘ஹலால்: ஆம்’ என்று முடிவை எழுதுவது ஒரு வழி, படத்தில் எந்தக் குறி எங்கே தெரிகிறது என்பதை மட்டும் எழுதுவது இன்னொரு வழி. முதல் வழியில் 200 பொருள்கள் வரை முடித்துவிட்டு இரண்டாவதற்கு மாறியவன் நான் என்பதால், இந்த ஒப்பீட்டில் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

முதல் வழியின் நன்மைகள் வெளிப்படையானவை. எழுதுவது எளிது, தேடுவது எளிது, வாடிக்கையாளர் கேட்பதும் அந்த ஒரு சொல்லைத்தான்.

என்னை மாற வைத்தது ஒரு சூப் பொட்டலம். இரவில் மஞ்சள் விளக்கின் கீழ் எடுக்கப்பட்ட அந்தப் படத்தில் சதுரத்துக்குள் ஒரு கருத்த வட்டம் தெரிந்தது. அசைவத்துக்கு முக்கோணம் என்ற நினைப்பில், வட்டம் என்றால் சைவம் என்று பதிந்துவிட்டேன். வாங்கிச் சென்ற அம்மாள் மறுநாளே பொட்டலத்துடன் திரும்பி வந்தார். குறி பழுப்பு நிறம், உள்ளே கோழி. பழுப்பு வட்டத்துக்குப் பதிலாகப் பழுப்பு முக்கோணம் என்ற மாற்றம், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிகளில்தான் வந்தது. நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கு வடிவமாவது உதவட்டும் என்பதே அதன் நோக்கம். அதற்கு முன் சைவம், அசைவம் இரண்டுக்கும் வட்டம்தான். நிறம் மட்டுமே வேறு. எனக்கு வந்திருந்தது நாள்பட்ட படம். அதிலிருந்த பொட்டலமும் பழைய அச்சு.

இந்தத் தவறு கவனக்குறைவால் மட்டும் நேர்ந்ததன்று என்பது அளவுகளைக் கணக்கிட்டபோது புரிந்தது; எனக்கு முடிவைத் தீர்மானித்த காரணமும் இதுவே. பொட்டலத்தின் முகப்புப் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் வரை இருந்தால், பச்சை வட்டத்தின் விட்டம் 3 மில்லிமீட்டர் இருந்தாலே விதிப்படி போதும். 8-க்கு 10 சென்டிமீட்டர் உள்ள ஒரு ஐந்து ரூபாய்ப் பொட்டலத்தை எடுத்துக்கொள்வோம். 80 சென்டிமீட்டர் நீள அலமாரித் தட்டு முழுவதையும் ஒரே படமாக எடுத்து, அது 1600 பிக்சல் அகலத்தில் என் கைக்கு வந்தால், ஒரு சென்டிமீட்டருக்கு 20 பிக்சல். அந்த வட்டத்துக்கு வெறும் 6. போதாக்குறைக்கு, ஜேபெக் முறை வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தை நுணுக்கமாகச் சேமித்தாலும், நிறத்தைப் பெரும்பாலும் பாதி நுணுக்கத்தில்தான் சேமிக்கிறது. ஆக, நிறத்துக்கு எஞ்சுவது குறுக்கே 3 புள்ளிகள். சுற்றியுள்ள உறையின் நிறமும் அதில் கலந்துவிடும்போது, பச்சையா பழுப்பா என்று சொல்வது ஊகமே. முக்கோணத்தின் முனைகளும் 6 பிக்சலில் மழுங்கி வட்டம் போலவே தோன்றும். அதே பொட்டலத்தைப் படத்தின் அகலம் முழுவதும் நிறையும்படி நெருக்கி எடுத்தால் வட்டத்துக்கு 60 பிக்சல் கிடைக்கிறது. கறுப்பு வெள்ளையாக அச்சிட்டாலும் வடிவம் தெரியும். நிறத்தை நம்பலாமா என்பதற்கு நான் பார்ப்பது, அதே படத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய ஊட்டச்சத்து அட்டவணையின் பின்னணியை. அது மஞ்சளடித்திருந்தால் ‘நிறம் தெளிவில்லை’ என்று எழுதிவிடுகிறேன்.

படம் தெளிவாக இருந்தாலும் ‘சைவம்’ என்ற சொல் குறியைவிட அதிகமாகப் பேசிவிடுகிறது. பச்சைக் குறி வெளியார் எவரும் சோதித்து வழங்கும் சான்றிதழன்று. சட்டத்தின் வரையறைப்படி உற்பத்தியாளர் தாமே செய்யும் அறிவிப்பு. அந்த வரையறையில் முட்டை அசைவம். பால், தேன், தேன்மெழுகு, பூச்சியிலிருந்து கிடைக்கும் அரக்கு ஆகியவை அசைவத்தில் சேரா. எனவே அரக்குப் பூச்சுள்ள மிட்டாயும் முறையாகவே பச்சைக் குறி தாங்கலாம். வெங்காயம், பூண்டு பற்றியும் சாராயம் பற்றியும் அந்தக் குறி எதுவும் சொல்வதில்லை. ‘முகப்பில் பெயருக்கு அருகே, பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், படம் எடுத்த மாதம் இன்னது’ என்று எழுதினால், தம் வீட்டு வழக்கத்துக்கு அது போதுமா என்பதை வாங்குபவரே முடிவு செய்துகொள்வார்.

ஹலால் முத்திரையில் நிலைமை தலைகீழ். இது பெரும்பாலும் வெளி அமைப்பு ஒன்று தரும் சான்று. ஆகவே அரபு எழுத்தில் அந்தச் சொல் இருப்பதைவிட, அதைச் சுற்றிப் பொடி எழுத்தில் உள்ள அமைப்பின் பெயர்தான் முக்கியம். மலேசியாவில் உள்நாட்டுப் பொருள்களுக்கு ஜாகிம் என்ற அரசு இஸ்லாமியத் துறையும் மாநில இஸ்லாமிய சமய மன்றங்களுமே சான்றளிக்கின்றன, சிங்கப்பூரில் முயிஸ் என்ற இஸ்லாமிய சமய மன்றம். இந்தியாவில் உள்நாட்டு விற்பனைக்கான பொட்டலங்களில் காணப்படுபவை பல தனியார் அமைப்புகளின் முத்திரைகள். இலங்கையில் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா வழங்கிவந்த சான்றிதழ், 2013-இல் எழுந்த எதிர்ப்புப் பிரசாரத்தை அடுத்து அச்சபையின் கையைவிட்டுப் போய், பின்னர் ஹலால் அக்ரடிடேஷன் கவுன்சில் என்ற தனி அமைப்பின் பொறுப்புக்கு வந்தது. ஆகவே, உலமா சபையின் முத்திரை தெரியும் இலங்கை பிஸ்கட் படம் ஒன்று கிடைத்தால், அது முதலில் சொல்வது படத்தின் வயதைத்தான். அமைப்பின் பெயர் படிக்க முடிந்தால் பெயருடனும், முடியாவிட்டால் ‘ஹலால் என்ற அரபுச் சொல் உள்ளது, வழங்கியவர் பெயர் படத்தில் படிக்க இயலவில்லை’ என்றும் எழுதுகிறேன். சான்றிதழ் இன்றும் செல்லுபடியாகிறதா என்பதை எந்தப் படமும் காட்டாது. முத்திரை இல்லாத பொருளுக்கு ‘ஹலால்: இல்லை’ என்று எழுதுவது, ‘ஹலால்: ஆம்’ என்று எழுதுவதைவிடப் பெரிய பிழை; முத்திரையே வாங்காத அரிசிக்கும் பருப்புக்கும் அந்தப் பழி சேரும்.

உட்பொருள் பட்டியலைப் படித்து நாமே முடிவு கட்டலாமே என்று மைத்துனர் கேட்டார். சில பொருள்களில் முயன்றும் பார்த்தேன். நூடுல்ஸ் மசாலாவில் வரும் 631 என்ற சுவைகூட்டியிலேயே அது நின்றுவிட்டது. இறைச்சியிலிருந்தோ மீனிலிருந்தோ எடுத்தாலும், தாவர மாவைப் புளிக்கவைத்து எடுத்தாலும் எண் ஒன்றுதான். இந்த எண் தொடர்பான வழக்கில்தான், ஒவ்வோர் உட்பொருளும் தாவரத்திலிருந்து வந்ததா விலங்கிலிருந்து வந்ததா என்று வெளிப்படுத்த வேண்டும் என 2021 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. யூத உணவு விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் கோஷர் முத்திரைகள் எங்கள் கடைக்கு இரண்டு மூன்று பொருள்களில்தான் வந்தன. எழுத்தையும் வடிவத்தையும் அப்படியே குறித்ததற்கு மேல் அவற்றைப் பற்றி எனக்கு அனுபவம் இல்லை. ஐரோப்பியப் பொட்டலங்களில் இரண்டு அம்புகள் பின்னிய பச்சை வட்டத்தைக் கண்டு சைவக் குறி என்று கடைப் பையன் மகிழ்ந்ததும் உண்டு. அது உறைக்கழிவு திரட்டும் ஏற்பாட்டுக்கு நிறுவனம் பணம் கட்டியிருப்பதன் அடையாளம்.

இரண்டாம் வழியில் நேரம் கூடுதலாகிறது. பொருளுக்கு இரண்டு நெருக்கப் படங்களாவது வேண்டும், அச்சு மாறும்போது மறுபடி எடுக்க வேண்டும். முதல் வழி உண்மையில் வெல்லும் ஓர் இடம் வடிகட்டித் தேடும் வசதி; அதை இழக்க மைத்துனர் சம்மதிக்கவில்லை. இப்போது அந்தப் பொத்தானில் ‘சைவம்’ என்பதற்குப் பதிலாகப் ‘பச்சைக் குறி உள்ளவை’ என்று இருக்கிறது. அதை அழுத்தினால் நிறம் தெளிவில்லாத 37 பொருள்கள் பட்டியலில் வருவதில்லை. அவற்றைப் பகல் வெளிச்சத்தில் வாசலில் வைத்து மீண்டும் படமெடுக்கச் சொல்லியிருக்கிறேன்.