கவர் இல்லாத லூஸ் டயப்பர்: கடையில் ஊற்றிக் காட்டும் தண்ணீரை நம்பி வாங்காதீர்கள்

சேலத்தில் படுக்கையில் இருக்கும் பெரியவர்களை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சர்ஜிகல் சாமான் விற்கும் சில கடைகளில், கம்பெனிப் பெயரோ விலையோ அச்சிடாத வெள்ளைப் பாலிதீன் பையில் டயப்பர்களை மொத்தமாகக் கட்டி விற்கிறார்கள். "எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் மேடம், சரக்கு கம்பெனி சரக்குதான், கவர் மட்டும்தான் இல்ல" என்பார்கள். ஒன்று இருபது ரூபாய்க்குள் முடிந்துவிடும். பக்கவாதம் வந்து படுத்துவிட்ட என் மாமியாருக்கு அப்படி ஒரு பெரிய பை வாங்கினோம். நான் நம்பியதற்குக் காரணம் கடைக்காரர் செய்துகாட்டிய ஒரு வித்தை.

ஒரு டயப்பரைப் பிரித்து மேசைமேல் வைத்தார். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து முழுவதையும் அதில் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் அது உப்பி வந்தது. தூக்கித் தலைகீழாகப் பிடித்தார். ஒரு சொட்டுகூட விழவில்லை. "இன்னும் அரை லிட்டர் நிக்கும். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு போதும்" என்றார். கண்ணால் பார்த்த பிறகு யார்தான் சந்தேகப்படுவார்கள்?

வீட்டில் நடந்தது வேறு. ராத்திரி பத்து மணிக்குக் கட்டினால் விடியற்காலை பெட்ஷீட் ஈரம், அத்தையின் நைட்டி முதுகுவரை ஈரம். டயப்பரைக் கழற்றினால் பின்பக்கம் பஞ்சு கட்டிகட்டியாகத் திரண்டு கிடந்தது. முன்பக்கம் நனையவே இல்லை. சமையலறைத் தராசில் போட்டுப் பார்த்தேன். காய்ந்த டயப்பர் 90 கிராம், நனைந்தது 430 கிராம். சிறுநீர் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய ஒரு மில்லி என்று கணக்கு வைத்துக்கொண்டால், 340 மில்லிக்கே கைவிட்டுவிட்டது. ஒரு லிட்டரைக் குடித்துக் காட்டிய அதே சரக்கு!

என் தம்பி பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுக்கிறான். போனில் சொன்னதும் சிரித்துவிட்டு, "அக்கா, வெறும் தண்ணி ஊத்தினா எந்த டயப்பரும் பாஸ் ஆகிடும். உப்புத் தண்ணி ஊத்திப் பாரு" என்றான்.

விஷயம் இதுதான். டயப்பருக்குள் மரக்கூழ்ப் பஞ்சும், அதன் நடுவே சர்க்கரை மாதிரி வெள்ளைக் குருணையும் இருக்கும். ஈரத்தைப் பிடித்துக் கூழாக்கி வைப்பது அந்தக் குருணை. சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற பொருள் அது. உப்பில்லாத நீரில் போட்டால் தன் எடையைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு உறிஞ்சும். உப்பு கலந்த நீரில் அந்த வீக்கம் பெருமளவு குறைந்து, முப்பது, ஐம்பது மடங்கு என்ற அளவில் நின்றுவிடும். சிறுநீர் உப்பு நீர். பாட்டில் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. அதனால் குருணையைக் கிள்ளிப் போட்ட டயப்பர்கூடக் கடை மேசையில் ஜெயித்துவிடும். வெறும் பஞ்சு ஈரத்தை வாங்கும். ஆனால் உடம்பு எடை அழுத்தியதும் திரும்பக் கக்கிவிடும். மேசைமேல் அழுத்த ஆள் இல்லையே.

வீட்டில் செய்து பார்க்க இவ்வளவு போதும். ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு, அதாவது மட்டமாக ஒன்றரை டீஸ்பூனுக்குச் சற்று அதிகம், போட்டுக் கரைத்து வெதுவெதுப்பாக்குங்கள். டயப்பரை ஒரு அகலத் தட்டில் விரித்து, சிறுநீர் விழும் இடத்தில் 200 மில்லியை ஒரே மூச்சில் ஊற்றுங்கள். சொட்டுச்சொட்டாக ஊற்றக் கூடாது; படுத்திருப்பவர்களுக்குச் சிறுநீர் ஒரு பாய்ச்சலாகத்தான் வரும். பத்து நிமிடம் விட்டு இன்னொரு 200 மில்லி. மறுபடி பத்து நிமிடம் கழித்து, நாலாக மடித்த டிஷ்யூ பேப்பரை அதன்மேல் வைத்து, ஐந்து கிலோ அரிசிப் பையை ஒரு நிமிடம் ஏற்றி வையுங்கள்.

லூஸ் டயப்பரில் இரண்டாவது 200 மில்லி உள்ளே இறங்காமல் மேலேயே குளமாகத் தேங்கி, தொடை ஓரமாகத் தட்டில் வழிந்தது. டிஷ்யூ பேப்பர் பிழியும் அளவுக்கு நனைந்திருந்தது. மருந்துக் கடையில் சில்லறையாக வாங்கிய கம்பெனி டயப்பரில் பேப்பர் லேசாகச் சில்லிட்டதோடு சரி. இரண்டிலும் வெறும் தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது இந்த வித்தியாசம் தெரியவே இல்லை.

இன்னொன்று. கம்பெனி பாக்கெட்டில் போட்டிருக்கும் மில்லி கணக்கையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பொதுவாக அது டயப்பரை முழுக்க நீரில் முக்கி எடுத்து அளக்கும் மொத்தக் கொள்ளளவு. படுத்த உடம்புக்குக் கீழே அதில் பாதி நின்றாலே நல்ல சரக்கு என்பது என் கணக்கு. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு எவ்வளவு தேவை என்று தெரிய, நனைந்த டயப்பரை இரண்டு மூன்று ராத்திரி எடை போட்டுப் பாருங்கள். அத்தைக்கு ராத்திரிக்கு 500 மில்லியை ஒட்டி வந்தது. பாக்கெட்டில் 1000 மில்லிக்கு மேல் போட்டதை ராத்திரிக்கும், அதைவிட மெலிந்ததைப் பகலுக்கும் வைத்துக்கொண்டோம். பகலில் நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவதால் மெலிந்ததே போதும், செலவும் குறையும்.

அடுத்த மோசடி சைஸ். கடைக்காரர் எக்ஸ்எல் கொடுத்தார். "பெருசா இருந்தா ஃப்ரீயா இருக்கும், நிறையக் கொள்ளும்" என்றார். அவரிடம் எக்ஸ்எல் மட்டும்தான் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அத்தைக்கு இடுப்பு 33 அங்குலம், பின்பகுதியின் அகலமான இடத்தில் சுற்றளவு 37. இரண்டில் பெரியதைத்தான் பாக்கெட்டில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். அந்தக் கணக்கில் மீடியம். எக்ஸ்எல்லைக் கட்டினால் டேப் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, தொடை ஓரத்தில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி. ஒருக்களித்துப் படுக்க வைத்ததும் சிறுநீர் அந்த வழியாகவே போய்விடும். எவ்வளவு உறிஞ்சும் டயப்பராக இருந்தும் என்ன பிரயோஜனம்?

எழுந்து நடக்க முடியாதவர்களுக்கு ஜட்டி மாதிரி மாட்டும் பேண்ட் வகையையும் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அது நடப்பவர்களுக்கு ஆனது. படுத்தவர்களுக்கு டேப் வகைதான். கட்டும்போது உள்ளே மடங்கிக் கிடக்கும் தொடைச் சுருக்கை விரலால் வெளியே எடுத்து நிமிர்த்தி விடுங்கள். கீழ் டேப்பைச் சற்று மேல்நோக்கியும், மேல் டேப்பைச் சற்று கீழ்நோக்கியும் ஒட்டுங்கள். வயிற்றுப் பக்கம் இரண்டு விரல் போக வேண்டும். தொடைப் பக்கம் இடைவெளியே இருக்கக் கூடாது.

கூடவே அண்டர்பேடும் தலையில் கட்டினார். 60க்கு 90 சென்டிமீட்டர், நீலப் பிளாஸ்டிக் அடி, உள்ளே வெறும் டிஷ்யூ அடுக்கு. நனைந்ததும் கந்தலாகி முதுகில் ஒட்டிக்கொண்டது. "ரெண்டு மூணு சேத்துப் போடுங்க" என்று யோசனை வேறு. சேர்த்துப் போட்டால் அடியில் சூடு ஏறும், சுருக்கம் விழும். ஏர் பெட் வாங்கிப் போட்டிருப்பவர்கள் அதன்மேல் ரப்பர் ஷீட், அதன்மேல் மூன்று பேட் என்று அடுக்கினால் அந்த மெத்தைக்குக் கொடுத்த பணமே வீண். இடுப்பிலிருந்து நடுத்தொடைவரை வருகிற மாதிரி சுருக்கமில்லாமல் ஒன்று போதும். டயப்பர் ஒழுங்காக இருந்தால் பேடுக்கு வேலையே குறைவு.

இதற்குள் அத்தையின் தொடை இடுக்கிலும் பின்பக்கமும் தோல் கன்றிவிட்டது. சித்திரை வெயில் வேறு. கடைக்காரரிடம் கேட்டதற்கு டால்கம் பவுடர் டப்பா ஒன்றை நீட்டினார், அதற்கும் காசு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் நர்ஸ்தான் பார்த்துவிட்டு, "பவுடர் போடாதீங்கம்மா, ஈரத்துல கட்டியாகி மடிப்புல உரசும்" என்று நிறுத்தினார்.

அவர் காட்டிய ஒரு வித்தியாசம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஈரத்தால் வரும் புண் மடிப்புகளிலும் தொடையிலும் பரவலாக, விளிம்பு தெளிவில்லாமல் இருக்கும். படுக்கைப் புண் முதுகு அடியெலும்பு, குதிகால் மாதிரி எலும்பு துருத்தும் இடத்தில் ஒரே இடமாக வரும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்ப வேண்டும். வெளுக்காமல் அப்படியே நின்றால் அது அழுத்தத்தால் வருவது, உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். நம்மைப் போன்ற கறுப்புத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. அந்த இடம் பக்கத்துத் தோலைவிடச் சூடாக, கெட்டியாக, நிறம் அழுத்தமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். கன்றலைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளிகள் தெறித்த மாதிரி இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு.

அத்தைக்கு ஈரப் புண்தான். டெட்டாலும் குளியல் சோப்பும் நிறுத்திவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் மெல்லிய துணி நனைத்துத் துடைத்தோம். தேய்க்காமல் ஒற்றி ஒற்றிக் காயவைத்தோம். பிறகு ஜிங்க் ஆக்சைடு கிரீம் மெல்லிய பூச்சாக. சுண்ணாம்பு அடித்த மாதிரி அப்பினால் அது டயப்பரின் மேல்துணியில் ஒட்டி அடைத்துக்கொண்டு, சிறுநீர் உள்ளே இறங்காது. எண்ணெய்ப் பசை டேப் பக்கம் பட்டால் டேப்பும் பிடிக்காது. மலம் போனால் மட்டும் நேரம் பார்க்காமல் உடனே மாற்றிவிடுவோம். சிறுநீரும் மலமும் சேர்ந்தால் மலத்தில் இருக்கும் செரிமான நொதிகள் முறுக்கேறித் தோலை அரித்துவிடும் என்றார் நர்ஸ். "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்ற யோசனை எவ்வளவு ஆபத்தானது பாருங்கள்.

மீதிப் பையைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். "பிரிச்ச சரக்கு எடுக்க மாட்டோம், பில்லும் இல்லையே" என்றார். பில் கேட்டபோது அவர்தான் "ஜிஎஸ்டி சேரும், விலை ஏறிடும்" என்று தராமல் விட்டவர். பாக்கெட்டில் அடைத்து விற்கும் பொருளில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, எண்ணிக்கை, தயாரித்த மாதம், அதிகபட்ச விலை எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது 2011ஆம் வருட எடையளவு விதி. அந்தப் பையில் ஒன்றுகூட இல்லை. பையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறோம். போனில் பணம் அனுப்பிய ரசீது இருந்ததால், பில் இல்லாமலும் வாங்கியதைக் காட்ட முடிந்தது. நீங்களும் இந்த மாதிரிக் கடையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். முதலில் இரண்டே இரண்டு டயப்பர் சில்லறையாக வாங்கி, உப்புத் தண்ணீரில் ஒன்று, உடம்பில் ஒன்று பார்த்துவிட்டு அப்புறம் மூட்டையாக வாங்குங்கள். சில்லறையாகத் தர மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.