சிரங்குக்குக் களிம்பு போதுமா, உள்ளுக்கு மருந்து வேண்டுமா?

ஆறு வயதுப் பையன் என்று வைத்துக்கொள்வோம். எடை 20 கிலோ. ஒரு வாரமாகச் சளி, மூக்கைத் துடைத்துத் துடைத்து இடது நாசிக்குக் கீழே தோல் உரிந்து சிவந்துவிட்டது. திங்களன்று அங்கே ஒரு சின்ன நீர்க்கொப்புளம், புதனன்று பார்த்தால் தேனைத் தடவிக் காயவிட்டது போல ஒரு மஞ்சள் பொருக்கு. வெள்ளிக்கிழமைக்குள் கன்னத்தில் ஒன்று, தாடையில் ஒன்று. காய்ச்சல் இல்லை, நன்றாக விளையாடுகிறான், லேசாக அரிக்கிறது என்று மட்டும் சொல்கிறான். இதுதான் இம்பெடிகோ. வீட்டில் சிரங்கு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். இவனுக்குக் களிம்பு மட்டும் போதுமா, உள்ளுக்கும் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டுமா என்பதில்தான் பெரும்பாலான வீடுகளில் குழப்பம்.

அந்த மஞ்சள் பொருக்கு எப்படி வருகிறது என்று புரிந்துகொண்டால் இந்தக் கேள்வி பாதி தெளிந்துவிடும். காரணம் இரண்டு கிருமிகள்: ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ். சில நேரம் இரண்டும் சேர்ந்தே இருக்கும். ஸ்டாஃப் பலருடைய மூக்குக்குள் எந்தத் தொந்தரவும் செய்யாமல் குடியிருப்பது, மூக்கைத் தொட்ட விரலோடு தோலுக்கு வருகிறது. ஸ்ட்ரெப் நேராகத் தோலில்தான் முதலில் ஒட்டும், ஒட்டிச் சராசரியாகப் பத்து நாள் கழித்துத்தான் புண் தெரியும். இரண்டுக்கும் உள்ளே போக ஒரு கீறல் வேண்டும், பூச்சிக்கடியைச் சொறிந்த இடமோ, சளியில் உரிந்த தோலோ எதுவானாலும் சரி. உள்ளே போனதும் உடம்பு வெள்ளை அணுக்களை அனுப்புகிறது, தோலின் மேலடுக்கில் மெல்லிய கொப்புளம் எழும்பிச் சீக்கிரமே உடைகிறது, அதிலிருந்து கசியும் நிணநீர் காற்றுப்பட்டு உறைகிறது. அந்தத் தேன் நிறம் உறைந்த நிணநீரும் செத்த அணுக்களும் சேர்ந்தது, உயிரோடு இருக்கும் கிருமிகள் அதற்கு அடியில். புண் மேல்தோலோடு நின்றுவிடுவதால் ஆறினால் தழும்பு இருக்காது.

ஸ்டாஃபின் சில வகைகள் இன்னொரு வேலையும் செய்யும். மேல்தோல் செல்களைப் பிடித்து வைத்திருக்கும் டெஸ்மோகிளீன் 1 என்ற புரதத்தை வெட்டும் நச்சை அவை சுரக்கின்றன. அப்போது பொருக்குக்குப் பதிலாகத் தளர்வான பெரிய கொப்புளங்கள் வரும். அந்த வகை பெரும்பாலும் கைக்குழந்தைகளிடமும் சின்னப் பிள்ளைகளிடமும்தான். பள்ளிப் பிள்ளைகளிடம் நாம் பார்ப்பது பொருக்கு வகையைத்தான், அதை வெறும் கண்ணால் பார்த்து ஸ்டாஃபா ஸ்ட்ரெப்பா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் எந்த மருந்தானாலும் இரண்டையும் சேர்த்து அடிப்பதாக இருக்க வேண்டும்.

இப்போது ஒப்பிடலாம். களிம்பு என்றால் மியூபிரோசின் 2 சதவீதம் அல்லது ஃபுசிடிக் அமிலம் 2 சதவீதம். ஒரு கிராம் களிம்பில் 20 மில்லிகிராம் மருந்து, அதாவது கிருமி சாகத் தேவையான அளவைவிடப் பல ஆயிரம் மடங்கு புண்ணின் மேலேயே உட்காருகிறது. வாயால் கொடுக்கும் மருந்து குடல், ரத்தம் என்று சுற்றி வந்து தோலுக்குச் சேரும்போது அந்தச் செறிவில் மிகச் சின்னப் பங்குதான் மிஞ்சும், வழியில் வயிற்றுப்போக்கும் வரலாம். "களிம்பு சும்மா மேலாக, உள்ளுக்குக் கொடுத்தால்தான் வேர் வரை போகும்" என்ற எண்ணம் இந்த நோயில் தவறு. இதற்கு வேரே மேல்தோலில்தான். 2012-இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 68 ஆய்வுகளை அலசியது. புண் பரவலாக இல்லாத பிள்ளைகளுக்குக் களிம்பு வாய்வழி மருந்துக்குச் சமமாகவோ சற்று மேலாகவோதான் வேலை செய்தது, வாயால் கொடுக்கும் எரித்ரோமைசினைவிட மியூபிரோசின் கொஞ்சம் முன்னே நின்றது.

அப்படியானால் களிம்பு ஏன் பல வீடுகளில் "கேட்கவே இல்லை"? நான் பார்த்த வரையில் முதல் காரணம், பொருக்கின் மேலேயே தடவுவது. மருந்து உறைந்த நிணநீரில் உட்கார்ந்திருக்கும், கிருமி அடியில் நிம்மதியாக இருக்கும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த சுத்தமான துணியை ஐந்து பத்து நிமிடம் பொருக்கின் மேல் வைத்தால் அது ஊறிப் பஞ்சு போலாகும், அப்போது மெல்லத் துடைத்தால் தானாக வந்துவிடும். ஒட்டிக்கொண்டிருப்பதைப் பிய்க்கக் கூடாது. அடியில் ஈரமான சிவந்த தோல் தெரியும். அதை ஒற்றி எடுத்து, புண்ணைச் சுற்றியும் சற்று அகலமாக மெல்லிய படலமாகத் தடவ வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஐந்து நாள். சரியாகச் செய்தால் மூன்றாம் நாளே புதுப்புண் வருவது நின்றிருக்கும். நிற்கவில்லையென்றால் மருத்துவரிடம் திரும்பப் போகலாம்.

இன்னொரு தவறு, ஸ்டீராய்டு கலந்த களிம்பு. சிவப்பு சட்டென்று அடங்கும், ஆனால் கிருமி பரவும். கையில் இருக்கும் ட்யூபில் என்னென்ன இருக்கிறது என்று படித்துவிட்டுத் தடவுங்கள்.

சரி, உள்ளுக்கு மருந்து எப்போது? நம் பையனின் தங்கையையும் பார்ப்போம். அவளுக்குக் கால்களில் ஏழு, கையில் நான்கு, முதுகில் சில, அதோடு லேசான காய்ச்சல். இத்தனை இடத்தை ஊறவைத்துத் தினம் மூன்று முறை தடவுவது நடக்காது, ஒன்று விட்டுப்போனாலும் அங்கிருந்து மறுபடி தொடங்கும். இங்கே வாய்வழி மருந்துதான் சரி. வகுப்பில் பல பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் வந்தாலும், பெரிய கொப்புளங்கள் பரவினாலும் அதேதான். வழக்கமான தேர்வு செஃபலெக்சின், ஏழு நாள். 20 கிலோ என்றால் ஒரு நாளைக்கு மொத்தம் 500 முதல் 1000 மில்லிகிராம், மூன்று நான்கு வேளையாகப் பிரித்து, மருத்துவர் முடிவு செய்யும் அளவில். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலினை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். ஸ்ட்ரெப்புக்கு அது போதும், ஸ்டாஃப் பெரும்பாலும் பெனிசிலின் வகையை உடைக்கும் நொதியோடு வருவதால் அங்கே தோற்றுப்போகும்.

அவளுக்கு இரவில் அரிப்பு அதிகமா, விரலிடுக்கில் சின்னச் சின்னப் புள்ளிகள் உண்டா என்றும் கேட்க வேண்டும். அடியில் சொறிப்பூச்சி இருந்தால் எந்த ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் புண் திரும்ப வரும். பூச்சிக்கு வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வைத்தியம் செய்தாக வேண்டும்.

சிறுநீரகத்தைக் காக்க உள்ளுக்கு மருந்து கொடுத்தே தீர வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். பயம் நியாயமானது, ஸ்ட்ரெப்பின் சில வகைகள் தோல் புண்ணுக்குச் சுமார் மூன்று வாரம் கழித்துச் சிறுநீரக அழற்சியைத் தூண்டலாம். ஆனால் தனி ஒரு பிள்ளையிடம் ஆன்டிபயாடிக் அதைத் தடுக்கும் என்று நிரூபணமில்லை. ஊரில் அந்த வகை பரவும்போது பிறருக்குத் தொற்றாமல் இருக்கவே வாய்வழி மருந்து உதவும். அதனால் மூன்று புண் உள்ள நம் பையனுக்குக் களிம்புதான் என் தேர்வு. புண் ஆறிய பிறகும் சில வாரங்கள், காலையில் கண்ணிமை வீங்கியிருக்கிறதா, சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போகிறதா என்று இருவரையும் கவனிக்க வேண்டும். இரண்டில் ஒன்று தெரிந்தாலும் அன்றே சிறுநீர்ப் பரிசோதனையும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும்.

பள்ளிக்கு எப்போது அனுப்பலாம் என்பதில் நாட்டுக்கு நாடு விதி மாறும். மருந்து தொடங்கி 48 மணி நேரம் வீட்டில் வைத்திருந்தால் பெரும்பாலும் போதும், அதுவரை அவன் துண்டு தனி, நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும்.