எண்ணெய் வழியும் முகத்துக்கு எந்த ஃபேஸ் வாஷ்? டியூபின் பின்பக்கத்தைப் படித்து ஓர் அலசல்

காலையில் முகம் கழுவிவிட்டுக் கிளம்பினால் பதினொரு மணிக்கே நெற்றியும் மூக்கும் பளபளக்கும் ஆட்களுக்குக் கடையில் மூன்று வழி இருக்கிறது. குளிக்கிற சோப்பையே முகத்துக்கும் போடலாம். 'ஆயில் கன்ட்ரோல்' என்று எழுதிய, நுரை பொங்குகிற ஃபேஸ் வாஷ் வாங்கலாம். இல்லையென்றால் மருந்துக் கடையில் கிடைக்கும், நுரை குறைவான, வாசனை இல்லாத மைல்டு ஜெல். மூன்றையும் பயன்படுத்திய பிறகு நான் கடைசி வகையில் நிலைத்துவிட்டேன். அதனால் இதை நடுநிலையான ஒப்பீடாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சோப்பை சீக்கிரம் முடித்துவிடலாம். நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத் தன்மை கொண்டது. அதன் பிஎச் ஏறத்தாழ 5. சோப்பின் பிஎச் 9 முதல் 10 வரை. பிஎச் கணக்கில் ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு என்பதால், 5க்கும் 9க்கும் நடுவே பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். சோப்பு என்பதே கொழுப்பு அமிலமும் காரமும் சேர்ந்த உப்பு. அதன் பிஎச்சை 5.5க்கு இறக்கினால் அது சோப்பாகவே இருக்காது, கொழுப்பு அமிலமாகப் பிரிந்துவிடும். பாக்கெட்டில் போட்டிருக்கும் டிஎஃப்எம், அதாவது மொத்தக் கொழுப்புப் பொருள், 76 சதவீதம் என்ற எண் நல்ல சோப்பு என்பதற்கு அடையாளம்தான், ஆனால் பிஎச்சைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. போர்வெல் தண்ணீர் வருகிற வீடு என்றால் இன்னொரு தொல்லையும் உண்டு. உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, பக்கெட் ஓரத்தில் படிகிற அதே வெள்ளைப் படிவை முகத்திலும் விட்டுச் செல்கின்றன.

'அதனால்தான் நான் ஃபேஸ் வாஷுக்கு மாறிவிட்டேன்' என்று நிறைய பேர் சொல்வார்கள். இந்த இடத்தில்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். டியூபில் வருகிற எல்லாமே சோப்பு அல்லாதது என்று அர்த்தமில்லை. க்ரீம் மாதிரிக் கெட்டியாக வந்து, தண்ணீர் பட்டதும் திரண்ட நுரையாகப் பொங்குகிற சில ஃபேஸ் வாஷ்கள் உள்ளுக்குள் அசல் சோப்புதான். அவற்றில் ஒரு டியூபைத் திருப்பிப் படித்தால் வரிசை பெரும்பாலும் இப்படி இருக்கும்: தண்ணீர், மிரிஸ்டிக் ஆசிட், கிளிசரின், ஸ்டியரிக் ஆசிட், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, லாரிக் ஆசிட். அதாவது மூன்று கொழுப்பு அமிலமும் ஒரு காரமும். தொழிற்சாலையில் இவை சேரும்போதே சோப்பு ஆகிவிடுகிறது. லேபிளில் மட்டும் தனித்தனிப் பெயராக நிற்கிறது. முன்பக்கத்தில் கரித்தூள் படமோ எலுமிச்சைப் படமோ இருக்கலாம், பிஎச் என்னவோ 9க்கு மேலேதான்.

ஆனால் 'ஹைட்ராக்சைடு' என்ற சொல்லைப் பார்த்ததும் டியூபைக் கீழே வைத்துவிட வேண்டாம். நல்ல மைல்டு ஜெல்லிலும் பட்டியலின் கடைசியில் சோடியம் ஹைட்ராக்சைடு இருக்கும். அது பிஎச்சைச் சரிசெய்யப் போட்ட துளி. காரம் பட்டியலின் முதல் ஐந்தாறு பெயர்களுக்குள் இருந்து, பக்கத்தில் அந்த மூன்று ஆசிட்களும் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

லேபிளை நம்பாதவர்கள் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். லேப் சாமான் விற்கிற கடையிலோ ஆன்லைனிலோ 1 முதல் 14 வரை காட்டும் பிஎச் தாள் கிடைக்கும். மீன் தொட்டிக்கு விற்கிற சில தாள்கள் 6க்குக் கீழே காட்டாது, அவை இதற்கு உதவாது. ஒரு பங்கு ஃபேஸ் வாஷை ஒன்பது பங்கு தண்ணீரில் கலக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் தானே பிஎச்சை ஏற்றிவிடும் என்பதால், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு தண்ணீர் நல்லது. தாளை நனைத்து எடுத்தால் சோப்பு வகை பச்சை கலந்த நீலத்துக்குப் போகும்; மைல்டு ஜெல் ஆரஞ்சு மஞ்சளில் நிற்கும். நுரைக்கும் பொருள் தாளின் சாயத்தைக் கொஞ்சம் ஏமாற்றும் என்பதால் 5ஆ 5.5ஆ என்று இதில் வாதாட முடியாது. 5ஆ 9ஆ என்பது மட்டும் தெளிவாகத் தெரியும், நமக்கு வேண்டியதும் அதுதான்.

பிஎச் சரியாக இருந்தால் போதுமா? போதாது. நுரைக்கும் பொருளான சோடியம் லாரில் சல்பேட் இரண்டாவது பெயராக இருக்கிற ஃபேஸ் வாஷை 5.5 பிஎச்சில் கொண்டுவந்து வைத்தாலும், அது தோலை உலர்த்தத்தான் செய்யும். அதற்கு அடுத்தபடி மென்மையானது சோடியம் லாரெத் சல்பேட். நிறைய பேருக்கு ஒத்துப்போகும், குறிப்பாகக் கூடவே கோகாமிடோபுரொபைல் பீட்டெய்ன் இருந்தால். டிசில் குளுக்கோசைட், கோக்கோ குளுக்கோசைட், சோடியம் கோகோயில் ஐசெதியோனேட் போன்றவை இன்னும் மென்மையானவை. இவற்றில் நுரை குறைவாக வரலாம். நுரைக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்தாலும், ஆரம்பத்தில் முகம் கழுவிய திருப்தியே வராது, அது உண்மை.

கடுமையாகக் கழுவினால் எண்ணெய் இன்னும் அதிகமாகச் சுரக்கும் என்று பரவலாகச் சொல்கிறார்கள். அதற்கு வலுவான ஆதாரம் கிடையாது. எண்ணெய்ச் சுரப்பியை நடத்துவது முக்கியமாக ஹார்மோன். எந்த ஃபேஸ் வாஷும் அதன் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ போவதில்லை. கடுமையாகக் கழுவுவதன் விளைவு வேறு. மேல்தோல் வறண்டு, கன்னம் இழுத்துப் பிடித்து, மூக்கோரம் பொரிப்பொரியாக உரியும். சுரப்பி வழக்கம்போல எண்ணெய் விடும். கடைசியில் ஒரே முகத்தில் உரிதலும் எண்ணெயும் இரண்டும் இருக்கும். முகம் துடைத்த பத்து நிமிஷத்துக்குள், சிரித்தால் கன்னம் இழுக்கிற உணர்வு வந்தால் அந்த ஃபேஸ் வாஷ் உங்களுக்கு வேண்டாம். எனக்கு மைல்டு ஜெல்லின் பக்கம் தராசு சாய்ந்தது இந்த ஒரு விஷயத்தில்தான். காலையும் மாலையும், வியர்த்து விறுவிறுத்து வந்தால் இன்னொரு முறையும் கழுவ வேண்டிய ஊரில் இருக்கிறோம். வாரம் ஒருமுறைக்குத் தாங்குகிற பொருள், தினமும் மூன்று முறைக்குத் தாங்காது.

சாலிசிலிக் ஆசிட் போட்ட ஃபேஸ் வாஷுக்கு வருவோம். இது எண்ணெயில் கரையும், துவாரத்துக்குள் அடைத்த கசடைத் தளர்த்தும். கரும்புள்ளிக்கும் சின்னப் பருவுக்கும் உதவுகிற பொருள்தான். அமெரிக்க மருந்து ஒழுங்குமுறையில் பருவுக்கு 0.5 முதல் 2 சதவீதம் வரை அனுமதி. சிக்கல் எங்கே என்றால், இது அமில வடிவில் இருந்தால்தான் தோலுக்குள் எளிதாக இறங்கும். பிஎச் 3இல் ஏறத்தாழ பாதி அமில வடிவில் இருக்கும். பிஎச் 4இல் அது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். 5.5இல் நூற்றில் அரைப் பங்குகூடத் தேறாது. ஆகவே ஒரே டியூபில் '2% சாலிசிலிக்' என்றும் 'பிஎச் 5.5' என்றும் பெருமையாகப் போட்டிருந்தால், முதல் வரி பெரும்பாலும் பெயருக்குத்தான். போதாததற்கு அரை நிமிஷத்தில் கழுவிவிடுகிறோம். கரும்புள்ளிதான் உங்கள் பிரச்சினை என்றால், மைல்டு ஜெல்லால் கழுவிவிட்டு, கழுவாமல் விடுகிற சாலிசிலிக் சீரத்தை வாரம் இரண்டு மூன்று இரவு பூசுவது அதே காசுக்கு அதிகப் பலன் தரும். வலியோடு வீங்குகிற கட்டிப் பரு வேறு கதை, அதற்குத் தோல் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

மாய்ஸ்சரைசரிலும் போட்டி மூன்று பேருக்குள்தான்: கெட்டி க்ரீம், கற்றாழை ஜெல், ஜெல் க்ரீம். எண்ணெய் முகத்துக்குக் கெட்டி க்ரீம் தேவையில்லை. கற்றாழை ஜெல் என்று கடையில் விற்கும் பச்சை டப்பாவில் பச்சை நிறம் பெரும்பாலும் சாயம்தான். செடிக்குள் இருக்கும் சோறு நிறமற்றது. சிலவற்றில் ஆல்கஹாலும் வாசனையும் உண்டு. பூசியதும் குளுகுளுவென்று இருக்கும், ஆனால் காய்ந்ததும் தோலில் ஈரத்தைப் பிடித்து நிறுத்த அதில் பெரிதாக ஒன்றுமில்லை.

நான் வாங்குவது கிளிசரினும் டைமெத்திகோனும் மேல்வரிசையில் இருக்கிற ஜெல் க்ரீம். கிளிசரின் ஈரத்தை இழுத்து வைக்கிறது. டைமெத்திகோன் பிசுக்கு இல்லாமல் மேலே மூடி நிற்கிறது. கிளிசரின் அதிகமாக இருப்பது கடற்கரை ஊர்ப் புழுக்கத்தில் பிசுபிசுக்கும் (கோவை மாதிரியான இடத்தில் எப்படி என்று என் அனுபவத்தில் சொல்ல முடியாது). வைட்டமின் பி3இன் ஒரு வடிவமான நியாசினமைடு இருந்தால் நல்லது. 2 சதவீதமே எண்ணெய்ப் பளபளப்பைக் கொஞ்சம் குறைப்பதாக 2006இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கொஞ்சம்தான், அதுவும் சில வாரம் விடாமல் பூசினால். 10 சதவீதம் என்று பெரிய எழுத்தில் போட்டதை வாங்க அவசியமில்லை, சிலருக்கு அது முகத்தைச் சிவக்க வைக்கும். பகலில் சன்ஸ்கிரீன் பூசுகிறவர்கள் தனியாக மாய்ஸ்சரைசர் போடாமலே சமாளிக்கலாம்; இரவுக்கு ஒரு பட்டாணி அளவு போதும், முகத்தில் ஈரம் முழுதும் காயும் முன்னே.

விளம்பர வார்த்தைகளில் 'நான்-காமெடோஜெனிக்', அதாவது துவாரத்தை அடைக்காது, என்பதற்குச் சட்டப்படி நிர்ணயித்த சோதனை எதுவும் இல்லை. 'டெர்மட்டாலஜிக்கலி டெஸ்டட்' என்றால் ஏதோ ஒரு சோதனை நடந்தது என்று மட்டும் பொருள், முடிவு என்ன என்று அது சொல்லாது. 'ஆயில் ஃப்ரீ' என்று எழுதிய க்ரீமில் ஐசோபுரொபைல் மிரிஸ்டேட் இருக்கலாம். அது கணக்குக்கு எண்ணெய் இல்லை, ஆனால் துவாரத்தை அடைப்பதாகப் பழைய பெயர் வாங்கியது. துவாரத்தைச் 'சுருக்கும்' என்பதும் அப்படித்தான். துவாரத்தில் தசை கிடையாது, திறக்கவும் மூடவும் அது கதவு இல்லை.

இவற்றுக்கு எதிராக நம் கையில் இருக்கும் ஆயுதம் 2020ஆம் ஆண்டின் இந்திய அழகுசாதன விதிகள். 1 சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்களை அளவின் இறங்கு வரிசையில் எழுத வேண்டும். 1 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை அதன் பின்னால் எந்த வரிசையிலும் எழுதலாம். ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற கெடாமல் காக்கும் பொருளை 1 சதவீதத்துக்கு மேல் போடுவதில்லை. அதனால் அந்தப் பெயருக்குப் பின்னால் வருவதெல்லாம் சொச்சம் என்று எடுத்துக்கொள்ளலாம். முன்பக்கத்தில் வேப்பிலையும் கிரீன் டீயும் நியாசினமைடும் படமாக நிற்கும் ஒரு டியூபில், மூன்று பெயரும் ஃபீனாக்ஸிஎத்தனாலுக்குப் பின்னால் வந்தால், நீங்கள் காசு கொடுப்பது படத்துக்கு. வாங்குவதற்கு முன் ஃபோனில் பட்டியலைப் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள், அந்த எழுத்தை வெறுங்கண்ணால் படிக்க முடியாது.