பரிசாக வந்த ஸ்பீக்கர் யார் கணக்கில் இருக்கிறது?

தோழி ஒருத்தி போன வாரம் கேட்டாள். அம்மாவுக்கு அறுபது முடிகிறது, அமேசானின் எக்கோ டாட் ஸ்பீக்கர் விலை இறங்கியிருக்கிறது, கூட இரண்டு ஸ்மார்ட் பல்பும் சேர்த்துத் தரலாமா, நீதான் உன் பெரியம்மா வீட்டில் அதோடு மல்லுக்கட்டுகிறாயே, சொல்லு என்றாள். போனில் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். சத்தம் எப்படி, பாஸ் எப்படி என்பதெல்லாம் எல்லா இடத்திலும் கிடைக்கும். எனக்கு அதைப் பற்றிக் குறையே இல்லை.

பெரியம்மா ஏற்காட்டில் நாகலூர் பக்கம் தனியாக இருக்கிறார். மழைக்காலத்தில் பாத்ரூமில் ஒருமுறை வழுக்கி விழுந்தார், அடி பெரிதாக இல்லை, ஆனால் சென்னையில் இருக்கிற அவர் மகன், எனக்கு அண்ணன், பயந்துபோய் இந்த செட்டை வாங்கி, பொங்கல் லீவில் வந்து மாட்டிவிட்டுப் போனார். அண்ணன் போனபிறகு ஏதாவது நின்றால் சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்ப் பார்ப்பது நான்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்லது. பெரியம்மாவுக்குக் கண்ணில் புரை வந்து, போன் திரையில் எழுத்தைப் படிக்கச் சிரமப்படுகிறார். அவருக்கு இது வரம். காலை எட்டு மணிக்கு பிரஷர் மாத்திரையை நினைவூட்டும். அந்த நினைவூட்டலை ஆப்பில் நான் maathirai saapidunga என்று அடித்து வைத்தேன், உச்சரிப்பு கொஞ்சம் இழுத்தாலும் அவருக்குப் புரிகிறது. மணி கேட்பார், முருகன் பாட்டு கேட்பார், அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு டைமர் போடுவார். இந்தியாவில் எக்கோ ஆங்கிலத்துக்கும் இந்திக்கும்தான் பதில் சொல்லும், தமிழில் கட்டளை போட முடியாது. இருந்தாலும் "டைம்", "ஸ்டாப்", "பிளே" இவ்வளவு போதும் என்று பெரியம்மா தானே ஒரு முறை வகுத்துக்கொண்டார். நான் பயந்த அளவுக்கு மொழி பிரச்சினையாக இல்லை.

பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை.

அண்ணன் அந்த ஸ்பீக்கரைத் தன் கணக்கில் பதிந்திருந்தார். இது எல்லாருமே செய்வதுதான். ஆர்டர் போடும்போதே வாங்குகிறவர் கணக்கோடு கருவியை இணைத்து அனுப்பும் வசதி உண்டு, பரிசு என்று குறிப்பிட்டு இணைக்காமல் வாங்கவும் முடியும். இணைத்து வந்தால் அமைப்பது சுலபம், வைஃபை கொடுத்தால் போதும். ஆனால் அதற்குப் பிறகு அந்த ஸ்பீக்கர் கேட்பதெல்லாம் யார் கணக்கோ அவருடைய ஆப்பில் போய் விழும். Alexa Privacy என்ற பகுதிக்குள் குரல் வரலாறு இருக்கிறது. தேதி, நேரம், என்ன கேட்டது என்பதற்கான எழுத்து, தொட்டால் ஒலிப்பதிவு. எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும்.

கட்டளை போட்டதுதானே விழும், அதில் என்ன ரகசியம் என்று நானும் கேட்பேன். கருவி "அலெக்ஸா" என்ற எழுப்பும் சொல்லைத் தனக்குள்ளேயே கவனித்துக்கொண்டிருக்கும், அந்தச் சொல் காதில் விழுந்ததாக அதற்குத் தோன்றினால்தான் நீல வளையம் எரிந்து, பின்னால் வரும் பேச்சு சர்வருக்குப் போகும். "தோன்றினால்" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் பெயர் அலெக்ஸ். தினமும் சாயங்காலம் கதவைத் தட்டுவான். பெரியம்மா உள்ளேயிருந்து "யாரு, அலெக்ஸா?" என்பார். அவ்வளவுதான், வளையம் எரிந்துவிடும். அடுத்து அவர் பேசுகிற சில நொடிகள் பதிவாகும். எழுத்தில் பார்த்தால் அர்த்தமில்லாத ஆங்கில வார்த்தைகளாக இருக்கும், ஆனால் ஒலியைப் போட்டால் தமிழ் பளிச்சென்று கேட்கும்.

ஒருநாள் அண்ணன் போன் செய்து, "யாருக்கும்மா பணம் தர்றேன்னு சொன்னீங்க?" என்று கேட்டிருக்கிறார். பையனின் அம்மாவுக்கு ஸ்கூல் ஃபீஸுக்குக் கைமாற்று தருவதாகப் பெரியம்மா சொல்லியிருந்தார், நாளைக்கு வாங்கிக்கொள்ளச் சொல் என்று பையனிடம் சொல்லி அனுப்பியதுதான் பதிவில் விழுந்திருந்தது. அண்ணன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. தனியாக இருக்கிற அம்மாவை யாராவது ஏமாற்றிவிடுவார்களோ என்ற கவலை. ஆனால் பெரியம்மா அன்று என்னைக் கூப்பிட்டு, "என் வீட்டுக்குள்ள நான் பேசறது அவனுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்ட குரலில் கோபத்தைவிட அவமானம் அதிகம் இருந்தது. அந்தப் பையனின் அம்மாவுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. அவர் கைமாற்று கேட்டது சென்னைவரை போகும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

ஸ்மார்ட் ஸ்பீக்கர், தனியுரிமை என்று பேச்சு வந்தாலே கம்பெனி ஒட்டுக்கேட்கிறதா என்றுதான் பேசுகிறோம். அதுவும் பேச வேண்டியதுதான். அமெரிக்காவில் சில எக்கோ கருவிகளுக்கு மட்டும் குரலை சர்வருக்கு அனுப்பாமல் கருவியிலேயே கையாளும் வசதி இருந்தது, அதையும் 2025 மார்ச் 28 முதல் எடுத்துவிட்டார்கள். ஆனால் பரிசாகக் கொடுக்கும்போது முதல் கேள்வி கம்பெனி இல்லை, கொடுக்கிறவர்தான். சர்வரில் இருக்கும் பதிவைப் பற்றிப் பெரியம்மாவுக்குக் கவலை இல்லை. மகன் கேட்டதுதான் அவருக்கு வலித்தது.

அப்புறம் Drop In. ஆப்பிலிருந்து அழைத்தால் எதிரே யாரும் எடுக்க வேண்டியதில்லை, ஒரு சின்ன ஒலி, பச்சை விளக்கு, உடனே அறைக்குள் பேசலாம், கேட்கலாம். விழுந்து கிடப்பவருக்கு இது உயிர் காக்கும் வசதி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பெரியம்மாவின் காது கொஞ்சம் மந்தம், கண்ணும் சரியில்லை. அந்த ஒலியும் பச்சை விளக்கும் யாருக்காக இருக்கின்றனவோ அவருக்கே தெரியாமல் போய்விடும்.

நான் அடுத்த முறை மேலே போனபோது பெரியம்மாவிடம் கேட்டுத்தான் எல்லாவற்றையும் மாற்றினேன். முதலில் அவருடைய போன் நம்பரில் ஒரு புதுக் கணக்கு. அண்ணனைப் போனில் வைத்துக்கொண்டு அவர் ஆப்பில் கருவியை Deregister செய்ய வைத்தேன். ஸ்பீக்கர் மேலே புள்ளி போட்ட பொத்தானை ஆரஞ்சு வளையம் வரும்வரை அழுத்திப் பிடித்து, பெரியம்மா போனிலிருந்து புதிதாகச் சேர்த்தேன். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கருவி கணக்கு மாறினாலும் பழைய பதிவுகள் பழைய கணக்கிலேயே கிடக்கும். அண்ணனே போய் அழித்தால்தான் உண்டு. அழித்தார். கொஞ்சம் முகம் சுளித்தார், ஆனால் அழித்தார்.

எழுப்பும் சொல்லை Echo என்று மாற்றினேன். கதவு தட்டும் தொல்லை அன்றோடு போயிற்று. Manage Your Alexa Data என்பதில் பதிவைச் சேமிக்காதே என்று வைத்தேன், மூன்று மாதம், பதினெட்டு மாதம் என்றும் தேர்வுகள் இருக்கின்றன. Drop In வேண்டாம் என்று பெரியம்மா சொன்னார், அணைத்துவிட்டேன். அண்ணன் இப்போது சாதாரண அழைப்பு செய்கிறார், பெரியம்மா "ஆன்ஸர்" என்று சொன்னால்தான் பேச முடியும். ஆட்கள் வந்து உட்கார்ந்தால் மைக் பொத்தானை எப்படி அழுத்துவது, சிவப்பு வளையம் எரிந்தால் அது கேட்கவில்லை என்று அர்த்தம் என்பதையும் காட்டிக்கொடுத்தேன். அதை அவர் ஒழுங்காகப் பயன்படுத்துகிறார்.

இழப்பும் இருக்கிறது. பாட்டுச் சந்தா அண்ணன் கணக்கில் இருந்தது, அது போயிற்று, இப்போது இடையில் விளம்பரம் வருகிறது. சென்னையிலிருந்து நினைவூட்டலைத் திருத்திக்கொடுக்கவும் அண்ணனால் முடியாது. அதற்கும் நான்தான் மலை ஏற வேண்டும்.

பல்பு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதற்கு மேல் அதற்குத் தகுதி இல்லை. அந்த பல்பு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும் சேரும், போன் 5 ஜிகாஹெர்ட்ஸில் இருந்ததால் அண்ணன் அன்று பாதி நாளை அதிலேயே விட்டார். சேர்ந்தபிறகு வேறு கதை. பெரியம்மா படுக்கும்முன் சுவர் ஸ்விட்சை அணைப்பார், அணைத்தால் பல்புக்கு மின்சாரம் இல்லை, குரலுக்கு அசையாது. அணைக்காமல் விட்டால், நடுராத்திரி கரண்ட் போய் வரும்போது முழு வெளிச்சத்தில் எரியும். சில பல்புகளில் கரண்ட் வந்ததும் பழைய நிலைக்குத் திரும்பு என்று வைக்கலாம், இந்த பல்பின் ஆப்பில் அது இல்லை. சித்திரை, வைகாசியில் மலையில் இடி மின்னலோடு மழை பெய்யும்போது எல்லா பிளக்கையும் பிடுங்கி வைப்பது அந்த ஊரில் எல்லாரும் செய்வது, அதைச் செய்யாதே என்று நான் சொல்ல மாட்டேன். பல்பைக் கழற்றிவிட்டு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கட்டில் பக்கத்தில் ஒரு டூ-வே ஸ்விட்ச் வைத்தோம். முட்டிவலிக்கு எழுந்து நடக்க வேண்டாம், படுத்தபடியே அணைக்கலாம். பெரியம்மாவுக்கு வேண்டியிருந்தது அதுதான்.

ஸ்பீக்கரை இப்போது எடுத்துப்போகிறேன் என்று சொன்னால் பெரியம்மா விடமாட்டார். அவ்வளவு பிடித்திருக்கிறது. அப்படியும் என் தோழிக்கு என் பதில், வாங்காதே. உன் அம்மா கேட்டால் வாங்கிக்கொடு, ஆச்சரியப்படுத்துவதற்காக வாங்காதே. கேட்டு வாங்குகிறாய் என்றால், ஆர்டர் போடும்போது உன் கணக்கோடு இணைக்காமல் பரிசு என்று குறித்து வாங்கு, அம்மா போனிலேயே அம்மா கணக்கிலேயே அமை, Drop In வேண்டுமா என்று அவரிடம் செயல்படுத்திக் காட்டிக் கேள், காட்டாமல் கேட்டால் எல்லாரும் சரி என்றுதான் சொல்வார்கள். ஸ்பீக்கருக்குள் பேட்டரி கிடையாது, அதனால் அதையும் ரௌட்டரையும் இன்வெர்ட்டர் லைனில் போடு, இல்லாவிட்டால் கரண்ட் போன காலையில் மாத்திரை நேரம் சத்தமில்லாமல் கடந்துவிடும். வைஃபை பாஸ்வேர்டை ரௌட்டருக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டு வா.