இன்வாய்ஸை வைத்துக் கடன்: பணம் சரி, கடிதம்தான் தலைவலி

வார்ப்பட வேலை செய்யும் நண்பர் ஒருவர் கேட்டார்: "அண்ணா, இன்வாய்ஸை நிதி நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துப் பணம் வாங்குகிறீர்களே, எப்படிப் போகிறது?" ஃபாக்டரிங் எனப்படும் இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்பது அவருக்குத் தெரியும். அதனால் எங்கே இடிக்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

பணத்தில் குறையே இல்லை. கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகங்களைக் கடைசல் செய்து ஒரு பெரிய தொழிற்சாலைக்குக் கொடுக்கிறோம். 4,00,000 ரூபாய் இன்வாய்ஸை ஏற்றினால், அதில் 80 சதவீதமான 3,20,000 ரூபாய் சொன்னபடி வந்துவிடுகிறது. வட்டி ஆண்டுக்கு 13 சதவீதம். மீதித் தொகை, வாடிக்கையாளர் பணம் கட்டியதும் கழிவு போக வரும். சம்பள நாளில் யாரிடமும் கையேந்தாமல் இருக்க முடிகிறது.

இத்தனை நன்றாக நடத்தத் தெரிந்தவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பத் தெரியவில்லை!

"இந்தப் பாக்கிகளின் உரிமை எங்களுக்கு மாற்றப்பட்டுவிட்டது, இனி இந்தக் கணக்கில் பணம் கட்டுங்கள்" என்ற அறிவிப்பை நிதி நிறுவனமே மின்னஞ்சலில் அனுப்பியது. அனுப்பிய முகவரியை வாடிக்கையாளர் அதுவரை பார்த்ததே இல்லை. எங்கள் கையெழுத்தும் இல்லை, புதிய கணக்கு எண் மட்டும் தடித்த எழுத்தில். இணைய மோசடிக்காரன் அனுப்பும் கடிதமும் அச்சு அசல் இப்படித்தான் இருக்கும். வாடிக்கையாளரின் கணக்கு மேலாளர் அதை ஒதுக்கி வைத்துவிட்டு, தன் பதிவேட்டில் ஏற்கெனவே இருந்த எண்ணில் என்னைக் கூப்பிட்டார். கடிதத்தில் இருந்த எண்ணை அவர் தொடவே இல்லை. அவர் செய்ததே சரி. அடுத்து அவர் கேட்டதுதான் சுட்டது: "உங்கள் நிலைமை ஏதும் சரியில்லையா?"

சட்டத்தின்படியும் அந்த அறிவிப்பு அரைகுறைதான். 2011-ஆம் ஆண்டின் ஃபாக்டரிங் ஒழுங்குமுறைச் சட்டத்தில், அறிவிப்பை விற்பவர் தர வேண்டும். அல்லது விற்பவர் வெளிப்படையாகக் கொடுத்த அதிகாரத்தோடு நிதி நிறுவனம் தர வேண்டும். முறையான அறிவிப்பு கைக்கு வந்தபின் நிதி நிறுவனத்துக்குக் கட்டினால் வாடிக்கையாளரின் பொறுப்பு தீர்ந்துவிடும். அந்த நிம்மதியைக் கடிதம் அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்ததோ சந்தேகத்தை.

பிறகு எங்கள் லெட்டர்ஹெட்டில் புதிதாக எழுதினோம். எந்தத் தேதி முதலான இன்வாய்ஸ்கள், எந்தக் கணக்கு, இந்த ஏற்பாட்டை மாற்ற வேண்டுமானால் நிதி நிறுவனமும் கையெழுத்திட வேண்டும், சரக்கின் தரமும் குறைபாடும் எப்போதும் போல் எங்கள் பொறுப்பு. இரு தரப்பும் கையெழுத்திட்டு, ரத்து செய்த காசோலையை இணைத்து, நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்கினோம்.

அதன் பிறகும் ஒரு 4,00,000 ரூபாய் பழைய கணக்கிலேயே வந்து விழுந்தது. கடிதம் கொள்முதல் பிரிவின் கோப்பில் தூங்கிக்கொண்டிருந்தது. பணம் அனுப்பும் மென்பொருளோ சப்ளையர் பதிவில் உள்ள வங்கிக் கணக்கைத்தான் பார்க்கும், கோப்பைப் பார்க்காது. எங்கள் பழைய கணக்கு கேஷ் கிரெடிட் கணக்கு. உள்ளே வரும் பணம் வங்கிக் கடனில் கரைந்துவிடும். கடன் வரம்பில் இடம் இருந்ததால் அதே தொகையை எடுத்து நிதி நிறுவனத்துக்கு அனுப்ப முடிந்தது. இல்லாவிட்டால் அவர்களுக்குச் சேர வேண்டிய பணத்தை வங்கி விழுங்கியிருக்கும். எங்களுக்கு வர வேண்டிய பாக்கிகள் ஏற்கெனவே வங்கிக்கு ஈடாக இருந்தவை. இந்த வாடிக்கையாளருடையதை மட்டும் விடுவித்து, முதலிலேயே ஆட்சேபணையில்லாச் சான்று வாங்கியிருந்தோம். தொகை போய்ச் சேரும் வரை 3,20,000 ரூபாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 114 ரூபாய் வட்டி ஓடியது. தொகை பெரிதல்ல, எரிச்சல்தான் பெரிது.

எனவே முத்திரையோடு நிற்காதீர்கள். சப்ளையர் பதிவில் கணக்கு மாற்றப்பட்டது என்று கணக்குப் பிரிவிடமிருந்தே எழுத்தில் வாங்குங்கள். அடுத்த பணம் வரும்போது, அவர்கள் அனுப்பும் விவரச்சீட்டில் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். மாற்றத்துக்கு முன்பே ஒப்புதல் ஆன பில்கள் பழைய கணக்குக்கே போகக்கூடும். அவற்றின் பட்டியலைத் தனியாகக் கேளுங்கள். ஒவ்வொரு இன்வாய்ஸின் அடியிலும் உரிமை மாற்றத்தையும் புதிய கணக்கையும் அச்சடியுங்கள். பில்லைப் பதிவேற்றுபவர் பழைய கடிதத்தைத் தேடிப் படிக்க மாட்டார். கையிலிருக்கும் பில்லைத்தான் பார்ப்பார்.

இப்போது எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. வட்டி நியாயம், பணம் வேகம், தொலைபேசியில் பேசும் பெண் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறார். இரண்டாவது வாடிக்கையாளரின் இன்வாய்ஸ்களையும் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். கொடுக்கப் போவதில்லை. அவர் இருபது ஆண்டுப் பழக்கம். அவருக்கும் அதே தடித்த எழுத்து மின்னஞ்சலை இவர்கள் அனுப்பமாட்டார்கள் என்று யார் எனக்கு எழுதிக் கொடுப்பார்கள்?