உடனே வண்டியா, விடியட்டும் என்று பொறுப்பதா? நாய் வலிமாத்திரை தின்றால்

வலை இழுத்த கைவலிக்கும் முதுகுவலிக்கும் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து வீடுகளில் வலிமாத்திரை அட்டை ஒன்று எங்காவது கிடக்கும். 400 மில்லிகிராம் ஐபுபுரூஃபனும் 325 மில்லிகிராம் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை மெடிக்கலில் சாதாரணமாகக் கிடைக்கிறது. அதை நாய் கடித்துத் தின்றுவிட்டால் வீட்டாருக்கு இரண்டு வழி. உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போகலாம். "நல்லாத்தானே இருக்கு" என்று விடியும்வரை பார்க்கலாம். நான் முதல் வழியின் பக்கம். அதற்கு நேரம் ஒன்றே காரணம்.

10 கிலோ நாய் ஒன்று. இரவு 9 மணிக்கு அட்டையில் ஐந்து குழி காலியாகக் கிடக்கிறது. ஐபுபுரூஃபன் மொத்தம் 2000 மில்லிகிராம், அதாவது கிலோவுக்கு 200. இதைவிட மிகக் குறைந்த அளவிலேயே வயிற்றுப் புண் வந்துவிடும். கிலோவுக்கு 175ஐத் தாண்டினால் சிறுநீரகத்துக்கும் ஆபத்து. பாராசிட்டமால் கிலோவுக்கு 162. நாயின் ஈரலுக்கு 100 அளவிலேயே பயப்பட வேண்டும்.

தின்று இரண்டு மணி நேரத்துக்குள் போனால் மருத்துவர் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைப்பார். மாத்திரையில் கணிசமான பங்கு வெளியே வந்துவிடும். நாய் தெளிவாக இருந்தால் மட்டுமே இது. தள்ளாடினாலோ மயங்கினாலோ வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். அடுத்து, குடலில் மிச்சமிருக்கும் மருந்தை ஈர்த்துக்கொள்ள கிலோவுக்கு 1 முதல் 2 கிராம் மருந்துக்கரி. ஐபுபுரூஃபன் பித்தத்தோடு மறுபடி குடலுக்கே வருவதால் கரியைத் திரும்பவும் கொடுக்க வேண்டியிருக்கும். பிறகு இரண்டு நாள் ட்ரிப்ஸ், பாராசிட்டமாலின் நஞ்சை முறிக்க அசிட்டைல்சிஸ்டீன், ஒரு வாரத்துக்கு மேல் ஒமிப்ரசோல் போன்ற புண் மருந்து. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைப் போன உடனே ஒரு தடவையும், அதன்பின் 24, 48, 72 மணியிலும் எடுக்க வேண்டும்.

ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். வண்டி பிடித்து பாம்பன் பாலம் தாண்டி ஊர் சேர்வதற்குள்ளேயே அந்த இரண்டு மணியில் பெரும்பகுதி கரைந்துவிடும். அதனால் கிளம்பும் முன்பே மருத்துவருக்கு போன் போட வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாமே என்பார்கள். வேண்டாம், உப்பே நஞ்சாகிவிடும்.

இனி விடியட்டும் என்ற வழி. இதில் ஏமாற்றுவது நாயின் முகம்தான். சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாயை விரித்துப் பிடிப்பது புரோஸ்டாகிளாண்டின். வயிற்றின் உள்சுவருக்கும் அதுதான் காவல். ஐபுபுரூஃபன் அதன் உற்பத்தியையே நிறுத்துகிறது. சித்திரை வெயிலில் காய்ந்து, தண்ணீர் குறைவாகக் குடித்த கடற்கரை நாய்க்கு ரத்த ஓட்டம் ஏற்கெனவே இழுபறி; அதில் இதுவும் சேர்ந்தால் சிறுநீரகம் தாங்காது. ஆனால் கிரியாட்டினின் ஏறுவது சிறுநீரகத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு வேலை போனபிறகே. புண்ணும் மெதுவாகத்தான் தெரியும்: காபித்தூள் நிறத்தில் வாந்தி, தார் போலக் கறுத்துப் பிசுபிசுக்கும் மலம், வெளுத்த ஈறு. சில நாய்களுக்கு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் இதெல்லாம் வரும். காலையில் போகும்போது மருந்து ரத்தத்தில் கலந்து முடிந்திருக்கும். வாந்தி எடுக்க வைத்துப் பயனில்லை. அப்போதும் ட்ரிப்ஸும் புண் மருந்தும் அசிட்டைல்சிஸ்டீனும் உதவும் என்பதால், நேரமாகிவிட்டதே என்று வீட்டிலேயே வைத்திருக்கக் கூடாது.

பொறுத்திருப்பதற்கும் ஒரு நியாயமான இடம் உண்டு. 30 கிலோ நாய் அரை மாத்திரையை விழுங்கியிருந்தால் ஐபுபுரூஃபன் கிலோவுக்கு 7 மில்லிகிராம்கூட இல்லை. மருத்துவரிடம் போனில் சொல்லி, அவர் சரியென்றால் வீட்டிலேயே பார்க்கலாம். வயதான நாய், ஸ்டீராய்டு எடுக்கும் நாய், ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறுள்ள நாய் என்றால் இந்தச் சலுகை இல்லை. மேலே சொன்ன அளவுகளும் சராசரிதான். அதற்குக் கீழேயும் புண் வந்த நாய்கள் உண்டு.

பூனைக்கு இந்த ஒப்பீடே கிடையாது. பாராசிட்டமாலை மாற்றி வெளியேற்றும் நொதி அதன் ஈரலில் மிகக் குறைவு. கிலோவுக்கு 10 மில்லிகிராமே ஆபத்தாகலாம் எனும்போது, மூன்றரை கிலோ பூனைக்கு அரை மாத்திரை கிலோவுக்கு 46 ஆகிறது. சில மணி நேரத்தில் ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போவதன் அடையாளம் அது. எந்த அளவானாலும் உடனே வண்டிதான்.

கிளம்பும்போது காலி அட்டையை எடுத்துக்கொள்ள வேண்டும். கடைசியாக எத்தனை மணிக்கு அட்டை முழுசாக இருந்தது என்பதையும், வழியில் வாந்தி எடுத்தால் அதில் எத்தனை மாத்திரைத் துண்டு தெரிந்தது என்பதையும் சொன்னால், மருத்துவர் கணக்கைப் போட்டுவிடுவார்.